ஜூனியர் லாஜிஸ்டிக்ஸ் கோ-ஆர்டினேட்டர் இன்டர்வியூ: "சரக்கு குறைகிறது", "லாரி நின்றுவிட்டது" என்று கேட்டால் என்ன சொல்வது?

நெல்லிக்குப்பத்தான் | செவ்வாய், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை காலை புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு குடோனில் எனக்கு இன்டர்வியூ. வேறு கம்பெனிகளின் சரக்கை வாங்கி வைத்து அனுப்பிக் கொடுக்கிற இடம். நான் பி.காம், கடலூரில் ஒரு ஆடிட்டரிடம் ஒரு வருடம் பில் என்ட்ரி போட்டிருக்கிறேன். குடோன் வேலை தெரியாது.

போன மாதம் அங்கே போய்வந்த நண்பனிடம் இரண்டு கேள்வி கேட்டார்களாம். அவன் சொன்னதை அப்படியே போடுகிறேன்.

முதல் கேள்வி: மாலை 4 மணிக்கு கடலூர் கஸ்டமருக்கு 300 பெட்டி சோப்பு கிளம்ப வேண்டும். சிஸ்டத்தில் 340 பெட்டி காட்டுகிறது. காலை 11 மணிக்கு குடோன் பையன் வந்து, ரேக்கில் 212தான் இருக்கிறது என்கிறான். நீ என்ன செய்வாய்?

இரண்டாவது: சென்னை மாதவரத்திலிருந்து கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலைக்கு 60 டிரம் போகிறது. காலை 6 மணிக்குள் சேர வேண்டும். இரவு 2 மணிக்கு டிரைவர் போன் செய்கிறார்: திண்டிவனம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. என்ன செய்வாய்?

நண்பன் முதலாவதற்கு "உடனே பர்ச்சேஸ் ஆர்டர் போடுவேன்" என்றும், இரண்டாவதற்கு "கஸ்டமரிடம் மன்னிப்புக் கேட்டு வேறு வண்டி ஏற்பாடு செய்வேன்" என்றும் சொன்னானாம். "சரி, சொல்லியனுப்புகிறோம்" என்றார்கள். இன்னும் சொல்லியனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவன் பதிலில் என்ன தப்பு?

கணக்குப்புலி | செவ்வாய், இரவு 9.05

சுலபமான கேள்வி. சரக்கு தீர்ந்துபோவதற்குக் காரணமே சேஃப்டி ஸ்டாக் வைக்காததுதான். ரீஆர்டர் பாயின்ட் கணக்கைச் சொல்லிவிட்டால் போதும். ஒரு நாளைக்குச் சராசரியாக 45 பெட்டி போகிறது, ஆர்டர் போட்டால் வந்துசேர 4 நாள் என்றால் 180. அதோடு சேஃப்டிக்கு 120. ஆக இருப்பு 300க்கு இறங்கியதும் ஆர்டர் போட வேண்டும். இந்தக் கணக்கை ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினால் அசந்துவிடுவார்கள்.

இரண்டாவதற்கு, சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில்லைப் பற்றிப் பேசு. 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் அது செல்லும். வண்டி நின்றால் பில் காலாவதியாகிவிடும், அபராதம் விழும்.

ஹார்பர்_ரவுண்டு | செவ்வாய், இரவு 9.30

தம்பி, லேட் ஷிப்மென்ட் என்றால் முதலில் ஷிப்பிங் லைனில் கேட்க வேண்டும். கப்பல் எண்ணூர் வந்ததா, காட்டுப்பள்ளி வந்ததா? பில் ஆஃப் என்ட்ரி போட்டாயிற்றா? ஃப்ரீ டைம் முடிந்தால் டெமரேஜ் ஏறிக்கொண்டே போகும். அதைச் சொல்லு.

நெல்லிக்குப்பத்தான் | செவ்வாய், இரவு 9.42

சார், இதில் கப்பலே இல்லை. லாரி. திண்டிவனம்.

ஹார்பர்_ரவுண்டு | செவ்வாய், இரவு 9.50

ஓ. சரி சரி. இம்போர்ட் வேலைக்கு வந்தால் சொல்லு.

டெஸ்பாட்ச்_பழசு | செவ்வாய், இரவு 11.15

பதினாறு வருடமாக டெஸ்பாட்ச் பார்க்கிறேன். இந்த மாதிரி இன்டர்வியூவில் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுக்கிறேன்.

உன் நண்பன் "பர்ச்சேஸ் ஆர்டர்" என்று ஆரம்பித்தபோதே கேள்வி கேட்டவர் பேனாவை மூடியிருப்பார். இன்று போட்ட ஆர்டர் இன்று 4 மணிக்குள் வராது. கணக்குப்புலி போட்ட கூட்டல் சரிதான், ஆனால் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. கேள்வியில் உள்ள கோளாறு சரக்குக் குறைவு இல்லை. சிஸ்டம் ஒன்று சொல்கிறது, ரேக் வேறொன்று சொல்கிறது. நடுவில் 128 பெட்டி. அந்த 128 எங்கே என்று தேடுவதுதான் முதல் அரை மணி நேர வேலை.

தேட நான்கைந்து இடம்தான் உண்டு. நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், இப்படித்தான் பெரும்பாலும் இருக்கும்.

பையனோடு நீயே ரேக்குக்குப் போய் எண்ணு. அவன் எண்ணியது சரி, 212. அடுத்து, சரக்கு இறங்கும் இடத்துக்குப் போ. நேற்று மாலை வந்த லோடில் 64 பெட்டி. உள்ளே வந்ததாக என்ட்ரி போட்டாயிற்று, ஆனால் ரேக்கில் ஏற்றவில்லை, பாலெட்டோடு சுவரோரம் நிற்கிறது. இது நல்ல செய்தி. அப்புறம் கிளம்பத் தயாராக எடுத்து வைத்த சரக்கைப் பார். நாளை விழுப்புரம் போக வேண்டிய 40 பெட்டி, இன்வாய்ஸ் போடாததால் சிஸ்டத்தில் கழியவில்லை. கடைசியாக மூலையில் பார். மழையில் நனைந்து ஒதுக்கி வைத்த 24 பெட்டி, டேமேஜ் என்று யாரும் மாற்றவே இல்லை. 64, 40, 24. கூட்டிப் பார், 128.

ஆக உன்னிடம் அனுப்பக்கூடிய சரக்கு 276. குறைவது 24தான். பதினொன்றுக்கு "88 பெட்டி குறைகிறது" என்று பயந்த விஷயம், பதினொன்றரைக்கு "24 குறைகிறது" என்று ஆகிவிட்டது. இன்டர்வியூவில் இதைத்தான் கேட்கிறார்கள்: நம்பரைக் கேட்டவுடன் ஓடுவாயா, நம்பரைத் தட்டிப் பார்ப்பாயா?

நெல்லிக்குப்பத்தான் | செவ்வாய், இரவு 11.32

அண்ணா, இது பிரமாதம். அந்த 24க்கு என்ன செய்வது? நனைந்த பெட்டியைத் துடைத்து அனுப்பக் கூடாதுதானே?

டெஸ்பாட்ச்_பழசு | புதன், காலை 7.10

கூடாது. விளையாட்டுக்குக்கூட அதை அங்கே சொல்லிவிடாதே.

கஸ்டமருக்குப் போன் செய். பன்னிரண்டு மணிக்குள். "சார், இன்று 4 மணி வண்டியில் 276 பெட்டி வருகிறது. பாக்கி 24 என்றைக்கு வரும் என்று மதியம் 2 மணிக்குள் சொல்கிறேன். 276 இன்று இறக்கிக்கொள்வீர்களா, மொத்தமாகத்தான் வேண்டுமா?" இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். சில பெரிய கடைகளில் ஒரு ஆர்டருக்கு முதல் வண்டி இறங்கியதும் அந்த ஆர்டரை மூடிவிடுவார்கள். மறுநாள் 24 பெட்டியோடு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அப்புறம் பேப்பர். நீ ஆடிட்டரிடம் இருந்தவன், இங்கே உன் சரக்கு செல்லும். காலையிலேயே 300க்கு இன்வாய்ஸும் ஈ-வே பில்லும் போட்டிருந்தால், 276 ஏற்றிக்கொண்டு அந்தப் பேப்பரோடு வண்டி போகக் கூடாது. புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் யூனியன் பிரதேசத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போவது வெளிமாநிலக் கணக்கு. 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் கட்டாயம். போட்டு 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்து செய்துவிட்டு 276க்குப் புதிதாகப் போடு. இதைச் சொன்னால், குடோன் தெரியாத பையன் என்று யாரும் உன்னை நினைக்க மாட்டார்கள்.

கணக்குப்புலி | புதன், காலை 9.20

சரி, தேடுவதெல்லாம் இன்றைய வேலை. "இனி இப்படி வராமலிருக்க என்ன செய்வாய்?" என்று கேட்டால் சேஃப்டி ஸ்டாக்தானே பதில்? அங்கே என் கணக்கு வந்துதான் ஆக வேண்டும்.

டெஸ்பாட்ச்_பழசு | புதன், காலை 10.05

வரும். ஆனால் உங்கள் 300ஐயே வைத்துப் பாருங்கள். சிஸ்டத்தில் 340 இருந்ததால் "ஆர்டர் போடு" என்று அது சொல்லவே இல்லை. உண்மையில் கையில் இருந்தது 276. அதாவது நீங்கள் போட்ட கோட்டை எப்போதோ தாண்டி இறங்கிவிட்டது, சிஸ்டத்துக்குத் தெரியாது. சேஃப்டியை 120லிருந்து 200 ஆக்கினாலும், இருப்புக் கணக்கு பொய்யானால் அந்தக் கோடும் பொய்தான். அதனால் முதல் பதில்: நனைந்ததை அன்றே டேமேஜுக்கு மாற்று, எடுத்து வைத்ததை அன்றே ஒதுக்கியதாகக் காட்டு, வேகமாக ஓடும் பத்துப் பொருளை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணு. வருடக் கடைசியில் மொத்தமாக எண்ணுவது இதற்கு உதவாது.

இன்னொன்று. சராசரி 45 என்றீர்கள். இங்கே ஒரே கஸ்டமர் ஒரே நாளில் 300 கேட்கிறார். மாதம் ஒரு முறை இப்படி ஒரு பெரிய ஆர்டர் வருகிறது என்றால் சராசரி அதை மறைத்துவிடும். அதற்கு சேஃப்டி வைப்பதைவிட, ஆர்டர் வந்த அன்றே ஒதுக்கி வைப்பது மேல். நான்கு நாள் என்பதும் அப்படித்தான். ஜூன் மாதம் நான்கு நாள், நவம்பரில் மழை பிடித்தால் ஏழு நாள். வருடம் முழுவதும் ஒரே நம்பர் வைத்தால் கோடையில் இடம் அடைக்கும், மழையில் பற்றாது.

கணக்குப்புலி | புதன், காலை 10.30

மழைக்கு ஏழு நாள் வைப்பதை ஒப்புக்கொள்கிறேன். தினமும் எண்ணுவதற்கெல்லாம் எந்த குடோனில் ஆள் இருக்கிறது? என் மாமா குடோனில் இரண்டே பேர்.

மருந்து_மொத்தம் | புதன், மதியம் 1.45

எண்ண ஆள் இல்லை என்பார்கள். எண்ணாததால் வருகிற சண்டைக்கு மட்டும் ஆள் இருக்கும்.

நான் கடலூரில் மருந்து மொத்த வியாபாரத்தில் ஆர்டர் எடுக்கும் இடத்தில் இருந்தேன். தாமதத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன் தம்பி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம், திருச்சி நெடுஞ்சாலையே அரசூரில் தண்ணீரில் நின்றது. எங்களுக்கு சென்னையிலிருந்து வர வேண்டிய லோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு கிராமத்து மருந்துக் கடைக்காரர் தினமும் காலையில் போன் செய்வார். நான் "நாளைக்கு வந்துவிடும் சார்" என்பேன். மூன்று நாள் அதையே சொன்னேன். நான்காம் நாள் அவர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு சின்ன நோட்டு. நான் சொன்னதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். "ஞாயிறு: நாளை. திங்கள்: நாளை. செவ்வாய்: நாளை" என்று என் முன்னால் படித்தார். கத்தவில்லை. "முதல் நாளே தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் சிதம்பரத்தில் வாங்கியிருப்பேனே அம்மா" என்றார்.

புயலுக்கு அவர் கோபப்படவில்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்தமாதிரி சொன்னதுதான் அவருக்கு ஆறவில்லை. அதற்கப்புறம் நான் "வண்டி எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, 5 மணிக்கு மறுபடியும் போன் செய்கிறேன்" என்று சொல்லப் பழகினேன். 5 மணிக்குச் செய்தியே இல்லாவிட்டாலும் போன் மட்டும் போகும்.

நெல்லிக்குப்பத்தான் | புதன், மதியம் 2.20

நன்றி அக்கா. டெஸ்பாட்ச் அண்ணா, இரண்டாவது கேள்விக்கு வாருங்கள். இரவு 2 மணி, திண்டிவனம்.

டெஸ்பாட்ச்_பழசு | புதன், இரவு 10.40

முதலில் ஈ-வே பில் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 100 கிலோமீட்டர் என்பது பழைய கணக்கு. 2021 ஜனவரியிலிருந்து நாளுக்கு 200. அதிலும் ஒரு நாள் என்பது, போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவு வரை. மாதவரத்தில் திங்கள் இரவு 9 மணிக்குப் போட்டால் செவ்வாய் நள்ளிரவு வரை செல்லும். கடலூர் 200க்குள். அதனால் காலாவதி பயம் இங்கே இல்லை. அப்படியே தீர்ந்தாலும், முடிவதற்கு முன் 8 மணி நேரமும் முடிந்தபின் 8 மணி நேரமும் நீட்டிக்க வழி உண்டு. இங்கே சிக்கல் வண்டி நம்பர்தான். வேறு வண்டிக்குச் சரக்கு மாறினால், மாறும் வண்டி கிளம்புமுன் போர்ட்டலில் `Update Part B`இல் புது நம்பரைப் போட்டு, காரணமாக `Due to Break Down` என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இரவு 3 மணிக்கு அதைச் செய்ய வேண்டியவன் நீ.

இப்போது கேள்வி. டிரைவரிடம் "எப்போது சரியாகும்?" என்று கேட்காதே. எல்லா டிரைவரும் "அரை மணி சார்" என்பார்கள். எது போனது என்று கேள். ஃபேன் பெல்ட் என்றால் அரை மணியை நம்பலாம். கிளட்ச் பிளேட் என்றால் காலையில் மெக்கானிக் கடை திறக்கும்வரை வண்டி அங்கேயேதான். லொக்கேஷன் அனுப்பச் சொல், வண்டி ரோட்டோரம் பத்திரமாக நிற்கிறதா என்று கேள், சீல் உடையாமல் இருக்கிறதா என்று கேள்.

கிளட்ச் பிளேட் என்று வைத்துக்கொள்வோம். மணி 2.15. இங்கேதான் உன் நண்பன் "வேறு வண்டி" என்று சொல்லி விட்டுவிட்டான். அந்த நேரத்தில் 60 டிரம்மையும் ஏற்றும் பெரிய வண்டியும், மாற்றி ஏற்ற நான்கு லோடுமேனும் நடுரோட்டில் கிடைப்பார்களா? கிடைத்தாலும் கிளம்ப 5 மணி ஆகும். அதனால் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருக்கும் ஸ்டோர்ஸ் ஆளிடம் ஒரே ஒரு கேள்வி: "காலை முதல் ஷிப்டுக்கு எத்தனை டிரம் இருந்தால் லைன் நிற்காது?" அவர் 12 என்கிறார் என்று வை. இனி நீ 60 டிரம்மைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திண்டிவனத்திலிருந்து ஒரு மினி லாரி, கூட இரண்டு ஆள், 12 டிரம். மூன்றரைக்குக் கிளம்பினால் புதுச்சேரி வழியாக அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஐந்தரைக்குள் சேரலாம். மீதி 48 வண்டி சரியானதும் வரட்டும். ஒரு பில் சரக்கு இரண்டு வண்டியில் பிரிவதால் போர்ட்டலில் `Change to Multi Vehicle` பக்கம் போக வேண்டும்.

சீலை உடைக்குமுன் போட்டோ, கஸ்டமர் ஒப்புதல். டிரம்மில் இருப்பது எந்தச் சரக்கு என்றும் பார்த்துக்கொள். ஆபத்தான கெமிக்கல் என்றால் கிடைத்த வண்டியில் ஏற்ற முடியாது, இந்தத் திட்டமே கிடையாது. அதை நீயே முந்திக்கொண்டு சொன்னால் நல்லது.

மருந்து_மொத்தம் | புதன், இரவு 11.05

மினி லாரி வாடகை யார் கொடுப்பது? அதையும் கேட்பார்கள்.

டெஸ்பாட்ச்_பழசு | புதன், இரவு 11.20

கேட்பார்கள். ஜூனியர் தானாகச் செலவுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. வாடகை எவ்வளவு, லைன் நின்றால் கஸ்டமருக்கு என்ன ஆகும், இரண்டையும் சேர்த்து மேனேஜரிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். லாரிக்காரரிடம் அப்புறம் பிடிப்பதா என்பது மேனேஜர் கவலை.

கணக்குப்புலி | வியாழன், காலை 8.15

200 கிலோமீட்டர் மாறியது எனக்குத் தெரியாது, திருத்திக்கொண்டேன். ஆனால் இரவு 2.15க்கு கஸ்டமரை எழுப்புவது சரியில்லை. தீர்வு கையில் இருந்தால் பேசலாம். பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் என்ன சொல்வது?

மருந்து_மொத்தம் | வியாழன், காலை 8.50

எத்தனை டிரம் வேண்டும் என்று கேட்காமல் தீர்வு எங்கிருந்து வரும்? ஷிப்டில் இருப்பவர் தூங்கவா வந்திருக்கிறார்?

கணக்குப்புலி | வியாழன், காலை 9.00

எங்கள் கஸ்டமர்களில் ராத்திரி போன் எடுப்பவர் ஒருவர்கூட இல்லை. அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

நெல்லிக்குப்பத்தான் | வெள்ளி, மாலை 5.30

போய்வந்தேன். சோப்பு கேள்வி வந்தது. நம்பர்தான் வேறு, புரிவதற்காக இங்கே நம் பழைய நம்பரையே போடுகிறேன். லாரி கேள்வி வரவில்லை.

128 எங்கே என்று தேடுவேன் என்றதும், "எங்கெல்லாம் பார்ப்பாய்?" என்று கேட்டார். சரக்கு இறங்கும் இடம், எடுத்து வைத்தது, டேமேஜ் மூலை என்று வரிசையாகச் சொன்னேன். ரத்து செய்து புது ஈ-வே பில் போடுவதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த அம்மா தலையாட்டினார். அப்புறம் ஒரு கிடுக்கிப்பிடி. "விழுப்புரத்துக்கு எடுத்து வைத்த 40 இருக்கிறதே, அதிலிருந்து 24 எடுத்து கடலூருக்கு ஏற்றிவிட்டு, நாளை காலை வரும் லோடில் விழுப்புரத்தை நிரப்பிக்கொள்ளலாமே?" என்றார். மேனேஜரிடம் கேட்டுத்தான் செய்வேன் என்றேன். "மேனேஜர் போன் எடுக்கவில்லை. மணி 3.40. வண்டி நிற்கிறது" என்றார்.

276ஐ அனுப்புவேன், 24ஐத் தொட மாட்டேன் என்றேன். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை சொல்கிறார்களாம்.

கணக்குப்புலி | வெள்ளி, மாலை 6.10

எடுத்திருக்கலாம். நாளைக்குத்தான் லோடு வருகிறதே. இன்றைக்கு ஒரு கஸ்டமரையாவது முழுசாகத் திருப்திப்படுத்தியிருக்கலாம்.

டெஸ்பாட்ச்_பழசு | வெள்ளி, இரவு 9.45

வரும் லோடு கண்ணில் படும்வரை அது சரக்கு இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் 276தான் அனுப்பியிருப்பேன். ஆனால் என்னிடம் வேலை பார்த்த ஒருவன் இதே மாதிரி எடுத்து அனுப்பினான், மறுநாள் லோடும் வந்தது, யாருக்கும் தெரியவே இல்லை. அவனைத் திட்டுவதா விடுவதா என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை.

ஹார்பர்_ரவுண்டு | வெள்ளி, இரவு 10.20

தம்பி, சம்பளம் எவ்வளவு சொன்னார்கள்?